‘20ஆம் தேதிக்குள் வேலைக்கு வாருங்கள்’: சொல்லாமல் நின்றவருக்குப் போகும் நோட்டீஸில் அந்தத் தேதியின் வேலை என்ன?

ஒருவர் வேலைக்கு வரவில்லை. லீவு கேட்கவில்லை, தகவலும் இல்லை. போன் எடுக்கவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. இந்தக் கட்டத்தில் அலுவலகத்தில் இரண்டு பேச்சு எழும். “அவரே விட்டுவிட்டுப் போய்விட்டார், பெயரை எடுத்துவிடலாம்” என்பது ஒன்று. “ஃபைலுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி வைப்போம்” என்பது இன்னொன்று. பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது பேச்சுதான் அதிகத் தொல்லை தரும். நோட்டீஸ் போகும், ஆனால் அது எதற்காகப் போகிறது என்பதை எழுதியவரே நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஒருவர் வராமலிருப்பது எல்லோருக்கும் தெரிகிறது, வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஏன் வரவில்லை, திரும்பி வரும் எண்ணம் இருக்கிறதா என்பது பதிவேட்டில் இல்லை. வேலையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கு இந்த இரண்டாவது விஷயம் தேவை. இலங்கையில் ‘பதவியைக் கைவிடுதல்’ பற்றிய வழக்குகளில் நீதிமன்றங்கள் இதை இரண்டு கூறாகவே பிரித்துப் பார்க்கின்றன: உடல் வராமலிருக்க வேண்டும், விட்டுவிடும் எண்ணமும் இருக்க வேண்டும். எண்ணத்தை நேரில் பார்க்க முடியாது. அதனால் அவரிடமே கேட்கிறோம். திரும்பி வர அழைக்கும் நோட்டீஸ் அடிப்படையில் ஒரு கேள்விதான். அதில் போடும் தேதி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொடுக்கும் அவகாசம். நியாயமான அவகாசம் கொடுத்தும் பதில் வரவில்லை என்றால்தான் அந்த மௌனத்துக்கு ஒரு பொருள் பிறக்கிறது. கேட்காதவரை அவருடைய மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

“வராமல் நின்றாலே வேலை தானாகப் போய்விடாதா?” என்று மேலாளர்கள் கேட்பதுண்டு. பிரிட்டனில் லண்டன் போக்குவரத்து நிர்வாகத்துக்கும் கிளார்க் என்ற ஊழியருக்கும் இடையிலான 1981ஆம் ஆண்டு வழக்கில் இதே கேள்வி வந்தது. அனுமதி இல்லாமல் ஜமைக்காவுக்குப் போய்விட்ட ஊழியர் அவர். ஊழியர் ஒப்பந்தத்தை மீறினாலும் அது தானாக முறிவதில்லை, முதலாளி அந்த மீறலைக் காரணமாக ஏற்று அதை முடித்துக்கொள்ளும்போதுதான் முறிகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. அதாவது வேலையை முடித்து வைப்பது நிறுவனத்தின் செயல். அந்தச் செயலுக்கான பொறுப்பையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லப்படும் தீர்ப்பு டி.கே. யாதவ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் தந்தது. அந்த நிறுவனத்தின் நிலையாணையில், தொடர்ந்து எட்டு நாட்களுக்கு மேல் வராவிட்டால் வேலை மீதான உரிமை தானாகப் போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. 1980 டிசம்பர் 3 முதல் வரவில்லை என்று காட்டி, டிசம்பர் 12 தேதியிட்ட கடிதத்தோடு வேலையை முடித்துவிட்டார்கள். ஊழியர் சொன்னதோ வேறு: நான் டிசம்பர் 3 அன்று வந்தேன், வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். விதி எழுத்தில் இருந்தாலும், விளக்கம் கேட்காமல் ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவும், இடைப்பட்ட காலச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்த வாசல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பவும் அதற்கு வருகிறேன்.

சரி, ஒரு நோட்டீஸ் எப்படி உருவாகிறது என்று ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவர் ஒருவர். மார்ச் 1 சனிக்கிழமை வேலை பார்த்தார். ஞாயிறு வார விடுமுறை. மார்ச் 3 திங்கள் முதல் ஆளைக் காணோம்.

எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை, ‘சொல்லாமல்’ என்ற சொல் உண்மைதானா என்று பார்ப்பது. பணியாளர் பிரிவுக்குத் தகவல் இல்லை என்பதால் யாருக்குமே தகவல் இல்லை என்று ஆகிவிடாது. ஷிஃப்ட் மேற்பார்வையாளரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கலாம். பக்கத்து மேசைக்காரரிடம் “சொல்லிவிடு” என்று சொல்லியிருக்கலாம். போன மாதமே கொடுத்த லீவு விண்ணப்பம் யாரோ ஒருவர் கையெழுத்துக்காகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். மூன்று பேரிடமும் கேட்டு, கேட்ட நாளையும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபோது அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கொடுத்திருப்பார், அங்கேயும் அழைக்க வேண்டும். சொல்லாமல் நின்றவர்களில் சிலர் ஆபத்தில் இருப்பவர்கள். இந்த அழைப்பு முதலில் அவர் நலமா என்று தெரிந்துகொள்ள, அப்புறம்தான் ஃபைலுக்கு. குடும்பத்தாரிடம் பேசும்போது “அலுவலகத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நடவடிக்கை பற்றிய பேச்சு அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது.

இந்த விசாரிப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 10 திங்களன்று நோட்டீஸ் எழுதுகிறோம். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“நீங்கள் மார்ச் 3 திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் முதல் இன்று வரை பணிக்கு வரவில்லை. விடுப்பு விண்ணப்பமோ வேறு தகவலோ எங்களுக்குக் கிடைக்கவில்லை. மார்ச் 3, 4, 6 ஆகிய நாட்களில் உங்கள் கைபேசிக்கு அழைத்தோம், தொடர்பு கிடைக்கவில்லை.

மார்ச் 20 வியாழக்கிழமை காலை 9 மணிக்குள் பணிக்குத் திரும்பி, கிடங்கு மேலாளரைச் சந்தியுங்கள். வர இயலாத நிலையில் இருந்தால், அந்த நேரத்துக்குள் காரணத்தைக் கடிதமாகவோ தொலைபேசியிலோ வேறொருவர் மூலமாகவோ தெரிவியுங்கள். உடல்நலக் குறைவு என்றால் மருத்துவச் சான்றைப் பிறகு தரலாம்.

நீங்களும் வராமல், தகவலும் வராமல் அந்தத் தேதி கடந்தால், அனுமதியின்றி வராமலிருப்பது குறித்துப் பணி விதிகளின்படி நடவடிக்கை தொடங்கப்படும். நீங்கள் வேலையைக் கைவிட்டதாக முடிவெடுக்கவும் அதில் இடம் உண்டு. இப்போது பணிக்குத் திரும்புவதால் மட்டும் இந்த நாட்களின் வராமை ஏற்கப்பட்டதாக ஆகாது.”

முதல் பத்தியில் கோபம் எதுவும் இல்லை. நாள், ஷிஃப்ட், அழைத்த தேதிகள் மட்டும். ‘தகவல் தரவில்லை’ என்று எழுதாமல் ‘எங்களுக்குக் கிடைக்கவில்லை’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்தது கிடைக்காதது மட்டுமே, அவர் அனுப்பினாரா என்பது தெரியாது. பல இடங்களில் முதல் வரியே “நீங்கள் பணியைக் கைவிட்டுவிட்டீர்கள்” என்று தொடங்குகிறது. அப்படி எழுதினால் கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலை நாமே எழுதிவிட்டோம் என்று ஆகும். பிறகு எத்தனை வாய்ப்புக் கொடுத்தாலும் முன்முடிவோடு எழுதிய கடிதம் என்றுதான் படிக்கப்படும்.

இனி அந்தத் தேதி. பெரும்பாலான நோட்டீஸ்கள் ‘3 நாட்களுக்குள்’ என்று சொல்கின்றன. எந்த நாளிலிருந்து மூன்று? கடிதத்தில் போட்ட தேதியிலிருந்தா, தபாலில் சேர்த்த நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா? நடுவில் வரும் ஞாயிறு சேருமா? இதற்கு ஒவ்வொருவரும் ஒரு பதில் சொல்வார்கள், தகராறு அங்கேயே தொடங்கும். நாட்காட்டித் தேதி, கிழமை, மணி, யாரைச் சந்திப்பது என்று நான்கையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கிழமையும் எழுதினால் நாமே செய்யும் எண் தவறும் பிடிபட்டுவிடும்.

20 என்ற எண் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். கடிதம் 10ஆம் தேதி மாலை கையெழுத்தாகிறது, 11ஆம் தேதி தபாலில் சேர்கிறது. 13 அல்லது 14 அன்று அவர் வீட்டை எட்டும் என்று கொள்ளலாம். அவர் வெளியூரில் இருந்தால், வீட்டில் இருப்பவர் அவருக்குச் சொல்ல ஒரு நாள், அவர் யாரிடமாவது கேட்டு யோசிக்க ஒன்றிரண்டு நாள், பயணத்துக்கு ஒரு நாள். ஆக, கடிதம் எட்டக்கூடிய நாளிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வாரம். தேதியை இப்படித்தான் கணக்கிட வேண்டும். உங்கள் பணி விதிகளிலோ தொழிற்சங்க ஒப்பந்தத்திலோ இத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று இருந்தால், அந்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு நோட்டீஸ் இன்னும் என் மனதில் இருக்கிறது. நான்கு நாள் அவகாசம் போட்டிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பயணத்தில் இருந்தார், கடிதம் அவர் மேசையில் மூன்று நாள் கிடந்தது. தபாலில் சேர்த்தபோது யாரும் தேதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊழியர் கையில் அது கிடைத்தபோது, வரச் சொன்ன நாள் கடந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு அவர் வரவில்லை. வரக்கூடியவரை வராமல் செய்தது நான் போட்ட தேதிதான். அதற்குப் பிறகு கவரை ஒட்டும் முன் உள்ளே இருக்கும் தேதியை ஒருமுறை படிக்காமல் நான் அனுப்பியதில்லை.

கடிதத்தை எழுதுவதில் எடுத்த கவனம் அதைச் சேர்ப்பதிலும் வேண்டும். ஒப்புகை கிடைக்கும் தபாலில், பதிவில் உள்ள எல்லா முகவரிகளுக்கும் அனுப்ப வேண்டும். தற்போது தங்கியிருக்கும் அறை ஒன்று, சொந்த வீட்டு முகவரி ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். மின்னஞ்சலிலும் கைபேசியிலும் நகல் அனுப்புவது நல்லதுதான். ஆனால் அணைந்து கிடக்கும் கைபேசிக்குப் போன செய்தியை அவர் படித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அதைக் கூடுதலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் திரும்பி வந்தால் உறை மேல் தபால்காரர் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்றால் ஆள் அங்கே இருக்கிறார், தெரிந்தே மறுத்திருக்கிறார். இந்திய உச்ச நீதிமன்றம் 2000இல் சிண்டிகேட் வங்கி வழக்கில், சரியான முகவரிக்குப் போய் இப்படி மறுக்கப்பட்டுத் திரும்பிய கடிதத்தைச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே ஏற்றது. ‘கதவு பூட்டியிருக்கிறது’, ‘முகவரியில் இல்லை’ என்பவை வேறு. அவருக்கு விஷயம் தெரியாது என்பதற்கு அவை அறிகுறியாகவும் இருக்கலாம். முதல் வகையில் அடுத்த படிக்குப் போகலாம். இரண்டாம் வகையில் வேறு வழியில் சேர்க்க முயல வேண்டும். எப்படியானாலும் திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். உள்ளே எந்தக் கடிதம் இருந்தது என்ற கேள்வி பின்னால் எழுந்தால், ஒட்டிய உறைதான் சாட்சி. ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வாசலுக்கு வருவோம். 20ஆம் தேதி காலை எட்டே முக்காலுக்கு அவர் வந்துவிடுகிறார் என்று வையுங்கள். காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை. வருகைக் கருவியில் அவர் எண்ணை ஏற்கெனவே முடக்கிவிட்டார்கள். “உங்கள் பெயர் இல்லை, ஆபீஸிலிருந்து ஆர்டர் வாங்கி வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர் போய்விடுகிறார். ஃபைலில் ‘குறித்த தேதியில் வரவில்லை’ என்று பதிவாகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பதிவு முழுக்கத் தவறு. இதைத் தவிர்க்க நோட்டீஸ் போகும் நாளிலேயே நகல் ஒன்று வாசலுக்கும், ஒன்று கிடங்கு மேலாளருக்கும் போக வேண்டும். அவர் வந்தால் நேரத்தைக் குறித்து மேலாளரிடம் அழைத்துப் போகச் சொல்ல வேண்டும். தேதி முடியும்வரை அவர் எண்ணை முடக்கக் கூடாது. ஏற்கெனவே வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளத்தையும் நிறுத்தி வைக்கக் கூடாது. வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்பது வேறு. “சம்பளத்தைப் பிடித்தால் ஆள் தானாக வருவார்” என்று செய்வது, உழைத்த காசை வைத்து மிரட்டுவதுதான். அதை நான் எங்கேயும் ஏற்கமாட்டேன்.

தேதி முடிந்தும் ஆளும் இல்லை, பதிலும் இல்லை என்றால் அடுத்தது என்ன? உடனே பெயரை எடுப்பது அல்ல. நோட்டீஸ் ‘நடவடிக்கை தொடங்கப்படும்’ என்றுதான் சொன்னது. வராமலிருந்தது குறித்துக் குற்றச்சாட்டை எழுதி விளக்கம் கேட்பது, அதற்கும் பதில் இல்லை என்றால் நாள் குறித்து உள்விசாரணை, அதன் பதிவை வைத்துக் காரணத்தோடு முடிவு. அந்த முடிவில் எடைபோட வேண்டியது வராமை மட்டுமல்ல. கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதுபோல, நோய், விபத்து, மருத்துவமனை வாசம் என்று கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் அந்த வராமை வேண்டுமென்றே செய்ததாகாது.

விசாரணை இல்லாமலே முடிவுக்கு வர இடம் தரும் சந்தர்ப்பமும் உண்டு. பஞ்சாப் அண்ட் சிந்து வங்கி வழக்கில் 2001இல் அப்படி ஒன்று வந்தது. அங்கே தொழிற்சங்கமும் வங்கிகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதி இது: 90 நாட்களோ அதற்கு மேலோ வராதவருக்கு 30 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்குள் வரவுமில்லை, விளக்கமும் இல்லை என்றால் தன் விருப்பத்தில் ஓய்வு பெற்றதாகக் கொள்ளலாம். வங்கி அதன்படி நடந்தது, தனி விசாரணை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதைக் காட்டித் தங்கள் பத்து நாள் நோட்டீஸும் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த விதிக்குள்ளேயே ஒரு கேள்வியும் நீண்ட அவகாசமும் இருந்தன, இரு தரப்பும் பேசி வைத்த விதி அது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

நம் சரக்கு சரிபார்ப்பவர் விஷயத்துக்குத் திரும்புவோம். 19ஆம் தேதி, தங்கியிருந்த அறைக்குப் போன கடிதம் ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பி வந்தது. அப்போதுதான் ஒரு தவறு தெரிந்தது: சொந்த வீட்டு முகவரிக்கு நகலே போகவில்லை. 20ஆம் தேதி யாரும் வரவில்லை. அவருக்குக் கேள்வி சென்று சேரவில்லை என்பது உறையிலேயே எழுதியிருக்கும்போது, அந்த மௌனத்தைக் கைவிட்டதன் அடையாளமாக எடுக்க முடியாது. 21ஆம் தேதி அதே நோட்டீஸ், மார்ச் 31 திங்கட்கிழமை காலை 9 மணி என்ற புதுத் தேதியோடு, சொந்த வீட்டு முகவரிக்குப் போனது. முதல் நோட்டீஸ் திரும்பிய விவரமும் அதில் ஒரு வரியாக இருந்தது.

25ஆம் தேதி அவருடைய அக்கா போன் செய்தார். 2ஆம் தேதி ஞாயிறு மாலை ஊருக்குப் போகும் வழியில் விபத்து, கால் எலும்பு முறிவு, கைபேசி உடைந்துவிட்டது. “தம்பி மேனேஜரிடம் சொல்லியிருப்பான் என்று நான் நினைத்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவன் நினைத்தான்” என்றார் அந்த அக்கா. அழைப்பு வந்த நேரம், பேசியவர் யார், என்ன சொன்னார் என்பது ஃபைலில் ஏறியது. அன்றே ஒரு பதில் கடிதம் போனது: உங்கள் தகவல் கிடைத்தது, 31ஆம் தேதி வர வேண்டியதில்லை, மருத்துவர் எப்போது வேலைக்குத் தகுதி என்று சொல்கிறாரோ அப்போது சான்றோடு வாருங்கள், விடுப்பு விண்ணப்பத்தை அக்கா மூலம் அனுப்பிவையுங்கள். தேதி போட்டு அழைத்த கடிதத்தைத் தேதி போட்டே திரும்பப் பெற வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஃபைலைப் புரட்டும் இன்னொருவர், 31ஆம் தேதி அவர் வரவில்லை என்பதை மட்டும் பார்ப்பார்.

விண்ணப்பமும் மருத்துவமனைச் சீட்டும் வந்ததும், பதிவேட்டில் மார்ச் 3 முதல் இருந்த ‘அனுமதியின்றி வராமை’ என்ற குறிப்பு ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘மருத்துவ விடுப்பு’ என்று எழுதி, திருத்திய தேதியோடு மேலாளர் கையெழுத்திட்டார்.